முடிவு கசியாமல் 30 வினாடி டிரெய்லர் வெட்டுவது

"14 நிமிடக் குறும்படம் ஒன்றை முடித்துவிட்டோம். மிக்ஸிங், வண்ணம் சீராக்கும் டிஐ எல்லாம் ஆகிவிட்டது. இப்போது 30 வினாடி டிரெய்லர் வேண்டும். நல்ல ஷாட்டுகள் எல்லாம் கடைசிக் காட்சியில்தான் இருக்கின்றன. அதைத் தொட்டால் முடிவு தெரிந்துவிடுகிறது, தொடாவிட்டால் டிரெய்லர் சப்பென்று இருக்கிறது. எப்படி வெட்டுவது?"

கடைசிக் காட்சியை மட்டும் ஒதுக்கிவிட்டால் முடிவு பத்திரமாக இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முடிவு பெரும்பாலும் அங்கிருந்து கசிவதில்லை. படம் நெடுக நீங்களே தூவி வைத்திருக்கும் சின்னச் சின்னக் குறிப்புகள் வழியாகத்தான் கசிகிறது. படத்தில் ஒரு குறிப்பு இரண்டாவது நிமிடத்தில் வரும், அடுத்தது ஏழாவது நிமிடத்தில் வரும். நடுவில் எவ்வளவோ நடந்திருப்பதால் பார்ப்பவர் இரண்டையும் சேர்த்து யோசிப்பதில்லை. அதே இரண்டும் டிரெய்லரில் நான்கு வினாடிக்குள் அடுத்தடுத்து வந்தால் யாராக இருந்தாலும் கூட்டிப் பார்த்துவிடுவார்கள். அதனால் ஒரு ஷாட் படத்தின் எந்த இடத்தில் வருகிறது என்பதை விட, அது என்ன தகவலைச் சுமந்து வருகிறது, டிரெய்லரில் அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். இந்தக் கோணத்தில் பார்த்தால் உங்கள் கடைசிக் காட்சியிலிருந்தே சில ஷாட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

நான் டிரெய்லர் வெட்டிய ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். படம் வெளியாகிவிட்டது, எனவே கதையைச் சொல்வதில் தடை இல்லை. ஒரு சின்ன ஊரில் தையல் கடை. ஒரு பெரியவர் மஞ்சப்பையில் ஒரு பழைய சட்டையைக் கொண்டுவந்து, இதே அளவில் மகனுக்குப் புதுச்சட்டை வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்கிறார். அளவெடுக்க மகனை வரச்சொன்னால் மழுப்புகிறார். தையல்காரருக்குச் சந்தேகம் வருகிறது. வெள்ளிக்கிழமை ஆள் வராததால் சட்டையை எடுத்துக்கொண்டு இவரே வீட்டுக்குப் போகிறார். அங்கே சுவரில் மாலை போட்ட படம். பீரோவைத் திறந்தால் ஒரே அளவில் வருடத்துக்கு ஒன்றாகத் தைத்து மாட்டிய புதுச்சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவ்வளவுதான் படம்.

டைம்லைனைத் திறக்கும் முன் முடிவை ஒரே வாக்கியமாக எழுதினோம்: "மகன் இறந்து பல வருடம் ஆகிறது, அப்பா ஒவ்வொரு வருடமும் சட்டை தைக்கிறார்." இதில் இரண்டு தகவல்கள் இருக்கின்றன. மகன் இல்லை என்பது ஒன்று, இது முதல் சட்டை இல்லை என்பது இன்னொன்று. அப்புறம் படத்தை முதலிலிருந்து ஓட்டி, இந்த இரண்டில் எதையாவது தொடும் ஒவ்வொரு இடத்தையும் மார்க்கர் போட்டுக்கொண்டே வந்தோம். முதல் தகவலுக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம். முடிந்ததும் பார்த்தால் கடைசி மூன்று நிமிடத்துக்கு வெளியிலேயே ஏகப்பட்ட மார்க்கர்கள். பெரியவர் தனியாகச் சாப்பிடும் ஷாட்டில் பின்னால் ஃபோகஸ் இல்லாமல் ஒரு மாலையின் நுனி. டீக்கடையில் அவர் மகனைப் பற்றிப் பேசும்போது இறந்தகாலத்தில் வழுக்கும் ஒரு வரி. "ஆள் வளர்ந்திருப்பான்ல, இந்த அளவு பத்துமா?" என்று தையல்காரர் கேட்டதும் பெரியவர் மௌனமாக நிற்பது. இதெல்லாம் படத்துக்குள் அழகாக வேலை செய்யும் குறிப்புகள், படத்தில் அவை இருக்கத்தான் வேண்டும். டிரெய்லரில்தான் ஆபத்து.

இந்த மார்க்கர் வேலைக்கு ஒரு மாலைப்பொழுது போதும். இதைச் செய்யாமல் நேராக வெட்ட உட்கார்ந்தால், படத்தை ஆயிரம் முறை பார்த்த கண்ணுக்கு எது குறிப்பு, எது வெறும் காட்சி என்றே பிரித்துத் தெரியாது.

அடுத்தது கேள்வி. டிரெய்லர் விடையைச் சொல்லக்கூடாது என்றால் அது ஏதாவது ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அந்தக் கேள்வி படத்துக்குள்ளேயே ஒருவர் கேட்கும் கேள்வியாக இருந்தால் நல்லது. இந்தப் படத்தில் தையல்காரர்தான் அந்த ஆள். "இந்தப் பெரியவர் ஏன் மகனைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்?" இயக்குநரின் நண்பர் ஒருவர் இதையே த்ரில்லர் மாதிரி வெட்டச் சொன்னார். மகன் தலைமறைவாக இருப்பது போல, போலீஸ் தேடுவது போல. வெட்டலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் படத்தில் இல்லாத கேள்வியை எதிர்பார்த்து வந்து உட்காருகிறவருக்கு, 14 நிமிடமும் அது எப்போது வரும் என்ற ஞாபகம்தான் இருக்கும். கடைசியில் பீரோ திறக்கும்போது அவர் வேறு எங்கோ இருப்பார். முடிவைக் காப்பாற்றப் போய் முடிவையே பலியிட்ட கதையாகிவிடும். எனக்கு இதில் சமரசம் கிடையாது. பார்ப்பவர் தவறாக ஊகிக்கலாம், ஆனால் தையல்காரரும் படத்தில் அதே தவறான ஊகத்தில்தான் இருக்க வேண்டும்.

சரி, வெட்டும் வேலைக்கு வருவோம். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை வைத்து வெட்டாதீர்கள். அதில் வசனமும் பின்னணி இசையும் ஒன்றாகக் கலந்திருக்கும். வரியை வெட்டி இன்னொரு வரியோடு சேர்த்தால் அடியில் இசை குதிக்கும், அந்த இசையே எந்தக் காட்சி என்று காட்டிக்கொடுத்துவிடும். மிக்ஸ் செய்தவரிடம் வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றையும் தனித்தனி ட்ராக்காக வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் டைம்லைனை நகல் எடுத்து, படத்துக்கு டிஐ முடிந்த வடிவத்தையும் சத்தத்துக்கு இந்த மூன்று ட்ராக்கையும் வைத்து ஆரம்பியுங்கள். தனி ட்ராக் கிடைக்கவே கிடைக்காது என்றால், அடியில் இசை ஓடாத வசனங்களை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் வழி.

24 ஃபிரேம் கணக்கில் 30 வினாடி என்பது 720 ஃபிரேம். படத்தின் பெயருக்கு மூன்று வினாடி, எப்போது எங்கே பார்க்கலாம் என்பதற்கு இரண்டரை வினாடி கொடுத்தால், கதைக்கு இருபத்து நாலரை வினாடிதான் மிச்சம். தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவை முதலில் வைத்தால் அதிலும் இரண்டு வினாடி போய்விடும். ஃபோனில் பார்ப்பவர் அந்த லோகோவைத் தாண்டி நிற்கமாட்டார், எனவே அதை எடுத்துவிடுங்கள், கடைசிக் கார்டில் சின்னதாக வந்தால் போதும்.

இருபத்து நாலரை வினாடியில் எத்தனை வசனம் கொள்ளும்? நிதானமான படம் என்றால் நான்கைந்து சின்ன வரிகள். அதனால் படத்தை அடுக்கும் முன் வசனத்தை அடுக்குங்கள். முதலில் கறுப்புத் திரையில் சத்தத்தை மட்டும் வைத்துக் கேட்டுப் பாருங்கள். எங்கள் படத்தில் மொத்தக் கேள்வியையும் தாங்கியது ஒரே ஒரு உரையாடல். தையல்காரர் "தம்பிய ஒரு தடவ வரச் சொல்லுங்க, அளவு எடுத்துக்கறேன்" என்கிறார். பெரியவர் கொஞ்சம் நேரம் கழித்து "அந்த அளவே போதும்பா" என்கிறார். படம் பார்த்தவருக்கு அந்த வரி நெஞ்சில் இறங்கும். பார்க்காதவருக்கு, மகன் வெளிநாட்டில் இருக்கலாம், அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம், வீட்டை விட்டு ஓடியிருக்கலாம், என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். டிரெய்லருக்கு எடுக்க வேண்டிய வரி இப்படித்தான் இருக்க வேண்டும்: முடிவு தெரிந்தால் ஒரு பொருள், தெரியாவிட்டால் நாலைந்து பொருள்.

"ஆள் வளர்ந்திருப்பான்ல?" என்ற வரியும் தனியாகப் பார்த்தால் நல்ல வரிதான். ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால் கதை உடைந்துவிடுகிறது. பழைய அளவு போதும், வளர்ந்திருப்பானா என்றால் பதில் இல்லை. இரண்டும் ஒரே திசையைக் காட்டுகின்றன, அந்தத் திசையில் ஒரே விடைதான் இருக்கிறது. ஒரு தகவலுக்கு ஒரு குறிப்புக்கு மேல் டிரெய்லரில் வரக்கூடாது என்று கணக்கு வைத்துக்கொண்டோம். சிவப்பு மார்க்கரில் ஒன்றுதான். அதை "அந்த அளவே போதும்பா"வுக்குச் செலவழித்துவிட்டதால் மற்றதெல்லாம் வெளியே. நீல மார்க்கரில் ஒன்றுகூட இல்லை.

கடைசியில் வந்து நின்ற வடிவம் இது. முதல் இரண்டு வினாடி, மேசை மேல் மஞ்சப்பை விழுகிறது, பழைய சட்டை வெளியே வருகிறது. பெரியவரின் குரல்: "வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்." அடுத்த நான்கு வினாடி, தையல்காரர் சட்டையை விரித்து டேப் வைக்கிறார். "யாருக்குங்க?" "பையனுக்கு." ஆறாவது வினாடியில் தையல்காரர் வரச்சொல்லிக் கேட்கிறார், அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஷாட் பெரியவர் முகத்துக்குப் போய்விடுகிறது. அந்த முகத்தில் அசையாமல் மூன்று வினாடி நிற்கிறோம். 30 வினாடி டிரெய்லரில் மூன்று வினாடி என்பது பெரிய செலவு. ஆனால் அந்தத் தயக்கம்தான் டிரெய்லரே, அதைக் குறைத்தால் வெறும் பேச்சாகிவிடும். "அந்த அளவே போதும்பா" முடிந்ததும் தையல் மிஷின் சத்தம் பிடித்துக்கொள்கிறது. அங்கிருந்து ஏழெட்டு வினாடி, கிட்டத்தட்ட வினாடிக்கு ஒரு ஷாட்: சாக்பீஸ் கோடு, கத்தரி, ஓடும் ஊசி, தெருவில் நடந்து போகும் பெரியவரின் முதுகு, நிமிர்ந்து பார்க்கும் தையல்காரர், இருட்டும் கடை. மிஷின் சட்டென்று நிற்கிறது. நிசப்தத்தில், மடித்த புதுச்சட்டையோடு தையல்காரர் ஒரு சாத்திய கதவின் முன் நிற்கிறார், தட்டக் கை ஓங்குகிறார். தட்டும் சத்தத்தில் கறுப்பு, படத்தின் பெயர்.

அந்தக் கதவு ஷாட் கடைசி மூன்று நிமிடத்தைச் சேர்ந்தது. ஆனால் அதில் சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. கதவுக்குப் பின்னால் என்ன என்பது கேள்வியாகத்தான் நிற்கிறது. உங்கள் கடைசிக் காட்சியிலும் இப்படி, தகவல் வெளிப்படுவதற்குச் சற்று முன்னால், ஆட்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் சில வினாடிகள் நிச்சயம் இருக்கும். வெளிச்சமும் நடிப்பும் அங்கேயே உச்சத்துக்கு வந்திருக்கும். முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

முகங்களையும் இதே மாதிரி இடம் மாற்றி எடுக்கலாம். நூறு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் ஒரே முக ஷாட்டை வெவ்வேறு ஷாட்டுகளோடு ஒட்டிக் காட்டினார். பக்கத்தில் எது வருகிறதோ அதற்கேற்ப அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் பார்வையாளர்களே படித்துக்கொண்டார்கள். எங்கள் படத்தில் நிமிர்ந்து பார்க்கும் தையல்காரர் ஷாட் என்று மேலே சொன்னேனே, அது உண்மையில் பீரோவைப் பார்க்கும் முகம். கண் கலங்குவதற்கு முந்தைய ஒரு வினாடியை மட்டும் எடுத்து, தெருவில் போகும் பெரியவருக்கு அடுத்ததாக வைத்ததும் அது சந்தேகமாக மாறிவிட்டது. இதில் பின்புறத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஷாட்டில் இடது ஓரத்தில் வீட்டுச் சுவர் தெரிந்தது. படம் 4கேயில் எடுத்தது, டிரெய்லர் 1080இல் போகிறது என்பதால் இரண்டு மடங்கு வரை பெரிதாக்கினாலும் தெளிவு போகாது. கொஞ்சம் பெரிதாக்கிச் சுவரை வெளியே தள்ளிவிட்டோம். கண்ணில் ஒரு துளி நீர் இருந்திருந்தால் எந்தப் பெரிதாக்கலும் உதவியிருக்காது. அழுகையைத் தையல் கடைக்கு இடம் மாற்ற முடியாது. உடை, முகத்தில் காயம், தாடி, தலைமுடி இதெல்லாமும் அப்படித்தான். காட்சிக்குக் காட்சி மாறியிருந்தால் எந்த நேரத்து ஷாட் என்று அது காட்டிக்கொடுக்கும்.

ஒரு எட்டு ஃபிரேம் மட்டும் பீரோவைக் காட்டிவிடலாமா, மின்னல் மாதிரி போய்விடும், யாருக்குத் தெரியும் என்று இயக்குநர் கேட்டார். தியேட்டரில் மட்டும் ஓடும் டிரெய்லர் என்றால் யோசிக்கலாம். யூடியூபில் பார்ப்பவர் நிறுத்திப் பார்ப்பார், ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தியும் பார்ப்பார். நிறுத்தி வைத்தால் அது எட்டு ஃபிரேம் இல்லை, ஒரு போஸ்டர்.

இடத்தை மட்டும் காட்டி நடப்பதைக் காட்டாமல் விடுவது பழைய, நல்ல வழி. 1960இல் வந்த "சைக்கோ" படத்துக்கு ஹிட்ச்காக் செய்த டிரெய்லர் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். அதில் பெரும்பகுதி அவரே அந்த மோட்டலையும் வீட்டையும் சுற்றிக் காட்டுவதுதான். கடைசியில் குளியலறைத் திரை விலகும்போது அலறும் பெண்கூடப் படத்தில் அந்தக் காட்சியில் வரும் ஜேனட் லீ இல்லை, வீரா மைல்ஸ். உங்களுக்கு 30 வினாடிதான் இருக்கிறது, அந்த அளவு நடந்து காட்ட முடியாது. ஆனால் ஊசி, சாக்பீஸ், மூடிய கதவு மாதிரி ஆளே இல்லாத இன்சர்ட்டுகளைப் பற்றி யோசியுங்கள். அவை எந்தத் தகவலையும் சுமப்பதில்லை, இடத்தின் கனத்தை மட்டும் கொண்டுவருகின்றன. டிரெய்லரின் நடுப்பகுதியை நிரப்ப அவற்றை விட நம்பகமான ஷாட்டுகள் இல்லை.

இனி இசை. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முதல் வடிவத்தில் படத்தின் இசையமைப்பாளர் கொடுத்த பியானோவை அடியில் போட்டிருந்தோம். படம் பார்க்காத சிலரிடம் காட்டியபோது ஒருவர் உடனே "பையன் செத்துட்டானா?" என்று கேட்டுவிட்டார். இன்னொருவரும் அதையேதான் நினைத்ததாகச் சொன்னார். எந்த ஷாட் காட்டிக்கொடுத்தது என்று தேடிப் பார்த்தால் ஷாட்டில் எதுவும் இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டு வேறு இரண்டு பேரிடம் காட்டினோம், அவர்கள் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டையாக இருக்கும் என்றார்கள். வேலையைக் கெடுத்தது பியானோதான். வயதான அப்பா, வராத மகன், மெல்லிய பியானோ மூன்றும் சேர்ந்தால் தமிழ்ப் பார்வையாளருக்குச் சாவைத் தவிர வேறெதுவும் தோன்றாது. பியானோவை மொத்தமாக எடுத்துவிட்டு, மிஷின் சத்தத்தையே தாளமாக்கினோம். வசனத்துக்கு அடியில் கடையின் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அங்கே இருக்கும் மெல்லிய சத்தம் மட்டும். அதே ஷாட்டுகள், அதே வரிகள், ஆனால் பெரியவரின் பதில் சோகமாகக் கேட்பது போய், கறாராகக் கேட்க ஆரம்பித்தது. உங்கள் படத்தின் கடைசிக் காட்சிக்கென்று எழுதிய இசையை டிரெய்லரில் போடவே போடாதீர்கள். அது அந்தக் காட்சியின் உணர்ச்சியை முன்கூட்டியே கொட்டிவிடும். டிரெய்லரில் அந்த இசையைக் கேட்டவர் படத்தில் அது தொடங்கும்போதே "ஓ, இதுதானா" என்று தயாராகியும் விடுவார்.

பரிசோதனை செய்யும்போது "புரிந்ததா, நன்றாக இருக்கிறதா" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறது என்பார்கள். "இது என்ன கதை? கடைசியில் என்ன ஆகும்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். ஆளுக்கொரு ஊகம் வந்தால் டிரெய்லர் சரியாக இருக்கிறது. இரண்டு பேர் ஒரே சரியான முடிவைச் சொன்னால் எங்கோ கசிகிறது. யாருக்கும் ஊகமே இல்லை, தோள் குலுக்குகிறார்கள் என்றால் நீங்கள் அளவுக்கு மீறி மறைத்துவிட்டீர்கள், கேள்வியே போய்ச் சேரவில்லை. கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, மேலே சொன்னது போல ஒருமுறை சத்தம் இல்லாமலும், ஒருமுறை படம் இல்லாமல் சத்தம் மட்டும் போட்டும் புது ஆட்களிடம் காட்டுங்கள். எந்தப் பக்கத்தில் ஓட்டை என்று அப்போதே தெரிந்துவிடும். ஏற்கெனவே பார்த்தவர்களிடம் திருத்திய வடிவத்தைத் திரும்பக் காட்டுவதில் அர்த்தமில்லை, ஆட்களை மிச்சம் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

படத்தின் பெயர் வந்த பிறகு ஒரு கடைசி வரி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இயக்குநருக்கு அந்த இடத்தில் "இது எத்தனாவது சட்டைங்க?" என்ற வரி வேண்டும் என்று ஆசை. அருமையான வரிதான். ஆனால் பெயருக்குப் பின் வரும் வரியை மக்கள் விடையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் இது நேராக நீல மார்க்கர். நகைச்சுவைப் படம் என்றால் பெயருக்குப் பின் ஒரு வரி நன்றாக இருக்கும். முடிவில் திருப்பம் உள்ள படத்துக்கு அந்த இடத்தைக் காலியாக விடுவதே நல்லது. நீண்ட விவாதத்துக்குப் பின் அவரும் ஒப்புக்கொண்டார்.

டிரெய்லர் முடிந்ததும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் அதே மார்க்கர் பட்டியலோடு ஒருமுறை சரிபாருங்கள். யூடியூப் தானாக எடுத்துத் தரும் மூன்று தம்ப்னெய்லை நம்பாமல் நீங்களே ஒன்று போடுங்கள். நாங்கள் மேசை மேல் விரித்த பழைய சட்டையைப் போட்டோம். விழாவுக்கு அனுப்ப ஆங்கில சப்டைட்டில் வைத்தால், அதை எழுதியவருக்கு முடிவு தெரியும் என்பதை மறக்காதீர்கள். பெரியவர் மகனைப் பற்றிச் சொல்லும் வரி அவர் கையில் தானாகவே இறந்தகாலத்துக்குப் போயிருக்கலாம். ரீல்ஸுக்காக நெட்டுவாக்கில் வெட்டும்போது ஒவ்வொரு ஷாட்டையும் புதிதாக ஃபிரேம் செய்ய வேண்டியிருக்கும். அகலத் திரையில் வெளியே தள்ளிய சுவர் அங்கே மறுபடி உள்ளே வந்துவிடுகிறதா என்று அந்த வடிவத்தை ஃபோனிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.